சுண்டுவிரல் மரத்துப்போகிறது: கழுத்தா, முழங்கையா, காறை எலும்புக்குக் கீழேயா?

உட்லண்ட்ஸ்_வாணி · ஞாயிறு, இரவு 9:42

வணக்கம். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வயது 36, வலது கைப்பழக்கம். ஒன்றேகால் வருடமாக வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. முன்னங்கையின் உள்பக்கத்தில் ஓயாமல் ஒரு வலி. வெண்பலகையின் மேல்வரியில் எழுதினாலும் சரி, எம்ஆர்டியில் தொங்கும் பிடியைப் பிடித்து நின்றாலும் சரி, கை கனத்துப்போய் இரண்டு நிலையம் தாண்டுவதற்குள் இறக்கிவிடுகிறேன்.

முதலில் பார்த்த மருத்துவர் கழுத்து என்றார். எம்ஆர்ஐயில் சி5-சி6 தட்டு லேசாகப் பிதுங்கியிருந்தது. இரண்டு மாதம் கழுத்துக்குப் பிசியோ செய்தேன், மாற்றமில்லை. அடுத்தவர், முழங்கையில் அல்னார் நரம்பு நசுங்குகிறது என்று சொல்லி, இரவில் கையை மடக்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். 6 வாரம் கட்டிக்கொண்டு படுத்தேன், அதிலும் மாற்றமில்லை. இப்போது முழங்கையில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் 5 வாரம் இருக்கிறது.

உடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "இது தொராசிக் அவுட்லெட்டாக இருக்கலாம், கேட்டுப் பார்" என்கிறாள். கழுத்தடியில், காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் பக்கத்தில் கைக்குப் போகும் நரம்போ ரத்தக்குழாயோ நசுங்குவதாம். மூன்றில் எது என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? கத்தி வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தேக்கா_செல்வம் · ஞாயிறு, இரவு 10:05

அம்மா, சர்க்கரை பார்த்தீர்களா? எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. கால் விரல் எல்லாம் மரத்துத்தான் இருக்கும். கை மரத்தால் இதயமும் பார்க்க வேண்டும் என்பார்கள். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

ஜிம்_பாலா · ஞாயிறு, இரவு 10:31

அக்கா, இதுக்கு வீட்டிலேயே பார்க்கிற டெஸ்ட் இருக்கு. நான் பயிற்சியாளர், என்கிட்ட வர்றவங்களுக்குச் செய்து பார்ப்பேன். வலது மணிக்கட்டில் நாடியைப் பிடிச்சுக்கிட்டு, தலையை வலது பக்கம் திருப்பி, மோவாயைத் தூக்கி, மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்க. நாடி காணாமப் போச்சுன்னா தொராசிக் அவுட்லெட்தான். கையை மேலே தூக்கி வச்சும் பார்க்கலாம். நாடி நின்னா உறுதி. நெஞ்சுத் தசையை இளக்கிவிட்டா சரியாயிடும்.

உட்லண்ட்ஸ்_வாணி · ஞாயிறு, இரவு 10:58

செல்வம் ஐயா, சர்க்கரை இல்லை, போன மாதம்தான் பார்த்தேன். வலது கை மட்டும்தான், கால்களில் ஒன்றுமில்லை.

பாலா தம்பி, செய்து பார்த்தேன். தலையைத் திருப்பியதும் நாடி மெலிந்தது. கையைத் தூக்கியதும் நின்றேவிட்டது. ஆனால் இடது கையிலும் அப்படியே நிற்கிறதே! இடது கையில் எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது.

மீனா_பிசியோ · திங்கள், காலை 6:50

வாணி, கடைசியாக நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிதான் முக்கியம். கை மறுவாழ்வுப் பிரிவில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். நாடி நிற்பதை வைத்து முடிவு கட்டியதால் வீணாக அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பாலா சொன்ன முதல் சோதனைக்கு அட்சன் என்று பெயர், 1927லிருந்து வழக்கத்தில் இருப்பது. கையைத் தூக்கிப் பார்ப்பது ரைட் சோதனை, 1945ல் வந்தது. செய்முறையைப் பாலா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். முடிவைப் படிப்பதில்தான் தவறு. எந்தக் குறையும் இல்லாத ஏராளமானவர்களுக்குக் கையை உயர்த்தினால் நாடி மெலியும், சிலருக்கு நின்றும்விடும். அந்த இடத்தில் ரத்தக்குழாய் கொஞ்சம் நெருக்கப்படுவது உடம்பின் இயல்பு. நாடி சொல்வது ரத்தக்குழாயைப் பற்றி. ஆனால் தொராசிக் அவுட்லெட் நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு நசுங்குவது நரம்பு. அதனால் இந்தச் சோதனைகளில் நான் பார்ப்பது, அவர் வழக்கமாகச் சொல்லும் அதே மரத்தல் அதே விரல்களில் வருகிறதா என்பதைத்தான். அப்போதும் அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு சோதனை இருக்கிறது. 1966ல் ரூஸ் என்பவர் கொண்டுவந்தது. இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கை முன்னால் பார்க்க வைத்துக்கொண்டு, 3 நிமிடம் மெல்ல விரல்களை மூடி மூடித் திறக்க வேண்டும். எல்லோருக்கும் தோள் வலிக்கும், ஆனால் முடித்துவிடுவார்கள். இந்த நோய் இருப்பவர் பாதியிலேயே விரல் மரத்து, கை தானாக இறங்கிவிடும். அட்சனைவிட இதை நம்பலாம். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. முழங்கை மடங்கி இருக்கிறது இல்லையா, முழங்கையில் அல்னார் நரம்பு நசுங்குபவருக்கும் அதே சுண்டுவிரல்தான் மரக்கும். மணிக்கட்டில் நரம்பு நசுங்குபவருக்கும் இந்த நிலையில் விரல் மரக்கலாம்.

அதனால் நான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பேன். முதலில் மேல்கையை உடம்போடு ஒட்டி வைத்து, முழங்கையை மட்டும் முழுவதும் மடக்கி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து ஒரு நிமிடம், தேவைப்பட்டால் 3 நிமிடம். பிறகு முழங்கையை நீட்டியபடியே கையை மட்டும் மேலே தூக்கி ஒரு நிமிடம். முதலாவதில் மரத்தால் முழங்கை, இரண்டாவதில் மரத்தால் தோளுக்குப் பக்கம் என்று ஓரளவு சொல்லலாம்.

இன்று இரவு நிதானமாக உட்கார்ந்து எனக்கு நான்கு பதில் சொல்லுங்கள்.

மேலே சொன்ன இரண்டு நிலைகளில் எதில் மரக்கிறது? வலது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தபடி சிறிது நேரம் இருந்தால் வலி குறைகிறதா, கூடுகிறதா? ஒரு பஞ்சை எடுத்து, சுண்டுவிரல் நுனியிலிருந்து முழங்கைவரை உள்பக்கமாகத் தடவிக்கொண்டே போனால், மந்தம் எந்த இடத்தில் முடிகிறது? மோதிர விரலின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தடவுங்கள். கடைசியாக, இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கடியில் பக்கம் பக்கமாக வைத்து, கட்டைவிரலின் அடியில் உள்ள மேட்டைப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்_வாணி · திங்கள், இரவு 11:20

மீனாக்கா, என் கணவர் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தார். எல்லாம் செய்தேன்.

முழங்கையை மட்டும் மடக்கி 3 நிமிடம் இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. கையை நீட்டி மேலே தூக்கியதும் 40 வினாடியில் சுண்டுவிரலில் குறுகுறுப்பு வந்தது, ஒரு நிமிடத்துக்குள் முன்னங்கை வலி. தலையில் கை வைத்தாலும் கூடத்தான் செய்கிறது, குறையவில்லை.

பஞ்சு: சுண்டுவிரல் முழுவதும் மந்தம். மோதிர விரலில் இரண்டு பக்கமும் மந்தம், சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் அதிகம். அது மணிக்கட்டோடு நிற்கவில்லை, அக்கா. முன்னங்கையின் உள்பக்கமாக முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே வரை மந்தமாக இருக்கிறது. யாரும் இதுவரை அங்கே தொட்டுப் பார்க்கவில்லை.

கட்டைவிரல் மேடு பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இடதில் உப்பலாக இருக்கிறது. வலதில் வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. இப்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு மல்லிகை வாங்கிவந்து வீட்டில் தொடுத்தபோது, பூவைப் பிடித்து நாரைச் சுற்றி இழுக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்கவே இல்லை. ஒவ்வொரு முடிச்சும் நழுவியது. பழக்கம் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பத்து வயதிலிருந்து தொடுக்கிறேன்.

மீனா_பிசியோ · செவ்வாய், காலை 7:15

வாணி, இதை உங்கள் மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். திரையில் படித்ததை வைத்து நான் நோயின் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கை என்ன சொல்கிறது என்பதை விளக்க முடியும்.

அல்னார் நரம்பு சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே முன்னங்கைத் தோலுக்கு அது ஒன்றும் கொடுப்பதில்லை. அந்தத் தோலுக்கு வேறொரு நரம்பு வருகிறது. அது அக்குளுக்குப் பக்கத்திலேயே பிரிந்துவிடும், முழங்கையில் அல்னார் நரம்பு நசுங்கும் இடத்துக்குள் போவதே கிடையாது. ஆகவே முன்னங்கை உள்பக்கம் மந்தமாக இருந்தால், கோளாறு முழங்கைக்கு மேலே எங்கோ இருக்கிறது. மோதிர விரல் நடுவில் பிரியாமல் இரண்டு பக்கமும் மரப்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

அடுத்தது கட்டைவிரல் மேடு. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்குகிறோமே, அந்தத் தசைக்கு மீடியன் நரம்பு வழியாகத்தான் கட்டளை வருகிறது. அல்னார் நரம்பு முழங்கையில் எவ்வளவு நசுங்கினாலும் அந்தத் தசை வாடாது. மணிக்கட்டில் மீடியன் நசுங்கினால் வாடும், ஆனால் அப்போது மரப்பது கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை. உங்களுக்கோ கட்டைவிரல் பக்கம் தசை வாடுகிறது, சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சி குறைகிறது. தனித்தனி நரம்புகளாக எண்ணினால் கணக்கு உதைக்கும். இரண்டுக்கும் போகும் இழைகள் ஒன்றாக ஓடும் ஓரிடம் உண்டு. கழுத்தின் அடியில் சி8, டி1 என்ற நரம்பு வேர்கள் சேர்ந்து முதல் விலா எலும்பின் மேல் ஏறிக் கடக்கும் கீழ்த்தண்டு அது. அங்கே ஒரு நார்ப்பட்டை கீழிருந்து முட்டினால் முதலில் அடிபடுவது டி1 இழைகள். கட்டைவிரல் மேட்டுக்கு அதிகம் போவதும் அந்த இழைகள்தான். இப்படி வாடிய கைக்கு கில்லியட்-சம்னர் கை என்றே பெயர் இருக்கிறது. அபூர்வம். நான் வேலையில் பார்த்தது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

கழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் எம்ஆர்ஐயில் பிதுங்கியது சி5-சி6. அங்கே நசுங்குவது சி6 வேர், அது மரக்க வைப்பது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும். சுண்டுவிரலுக்கும் அந்தத் தட்டுக்கும் தொடர்பில்லை. உங்கள் வயதில் வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்தாலும் பலருக்கு இந்தப் பிதுக்கம் தெரியும். கழுத்து வேர் நசுங்கியவர்களில் பலர் கையைத் தலைமேல் வைத்தால் வேர் தளர்ந்து சுகமாக இருக்கிறது என்பார்கள். உங்களுக்கு அது நேர்மாறாக இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து வலிக்கிற பக்கம் வளைத்து மேலிருந்து மெல்ல அழுத்தும் ஸ்பர்லிங் சோதனையை மருத்துவர் செய்வார். அதை வீட்டில் யாரையும் செய்யச் சொல்லாதீர்கள்.

சி8 வேரே கழுத்துக்குள் நசுங்குகிறதா, இல்லை வெளியே வந்த பிறகா என்பதை மட்டும் கையால் தொட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. அதற்கு மின்சோதனை வேண்டும்.

நரம்புச்சோதனை_கதிர் · செவ்வாய், மதியம் 1:10

நான் அந்தச் சோதனை செய்யும் தொழில்நுட்பர். வாணி அக்கா, முழங்கை அறுவை சிகிச்சைக்கு முன் நரம்புக் கடத்தல் சோதனை செய்திருப்பார்களே? அறிக்கையில் முழங்கையைக் கடக்கும் வேகம் என்ன போட்டிருக்கிறது?

உட்லண்ட்ஸ்_வாணி · செவ்வாய், மாலை 4:35

வலது அல்னார், முழங்கையைக் கடக்கும் வேகம் நொடிக்கு 57 மீட்டர். சுண்டுவிரல் உணர்ச்சி அலை 6 மைக்ரோவோல்ட், "குறைவு" என்று போட்டிருக்கிறது. முடிவில் "அல்னார் நரம்புப் பாதிப்பு, முழங்கையாக இருக்கலாம்". மீடியன் பற்றி உணர்ச்சி அலை மட்டும் இருக்கிறது, அது இயல்பு.

நரம்புச்சோதனை_கதிர் · செவ்வாய், இரவு 8:48

57 என்பது நல்ல வேகம். முழங்கையில் நரம்பு நசுங்கினால் அந்தப் பத்து சென்டிமீட்டரில் மட்டும் வேகம் விழ வேண்டும், வழக்கமாக 50க்குக் கீழே. விழவே இல்லை. சுண்டுவிரல் அலை குறைந்திருக்கிறது என்ற ஒன்றை வைத்து முழங்கை என்று எழுதியிருக்கிறார்கள். தவறான ஊகம் என்று சொல்ல மாட்டேன். பொதுவாக முழங்கைதான் காரணமாக இருக்கும். ஆனால் அங்கேயே நிறுத்தியிருக்கக் கூடாது.

மீனாக்கா கேட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். உணர்ச்சி நரம்பின் உயிரணு முதுகெலும்புக்குச் சற்று வெளியே ஒரு முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. கழுத்துத் தட்டு நசுக்குவது அந்த முடிச்சுக்கு உள்பக்கம். அப்போது விரலிலிருந்து முடிச்சு வரை உள்ள இழை உயிரோடுதான் இருக்கும். ஆள் மரத்துப்போச்சு என்பார், ஆனால் விரலில் மின்சாரம் கொடுத்து மணிக்கட்டில் பதிவு செய்தால் அலை முழுசாக வரும். முடிச்சுக்கு வெளியே அடிபட்டால் இழை வாடி, அலை சிறுத்துவிடும். உங்கள் சுண்டுவிரல் அலை சிறுத்திருக்கிறது. அதனால் கழுத்து வேர் என்பது பின்னுக்குப் போகிறது. மிச்சம் முழங்கையும் கீழ்த்தண்டும்.

இந்த இரண்டைப் பிரிக்க, உங்களுக்குச் செய்யாமல் விட்ட இரண்டு சோதனை தேவை. ஒன்று, கட்டைவிரல் மேட்டில் மீடியன் இயக்க அலை. இன்னொன்று, பஞ்சு வைத்துப் பார்த்தீர்களே, அந்த முன்னங்கை உள்பக்கத் தோலின் நரம்பு. அதை வழக்கமான பட்டியலில் யாரும் செய்வதில்லை, கேட்டால்தான் செய்வோம். சின்ன அலை, ஆளுக்கு ஆள் மாறும், அதனால் இரண்டு கையிலும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

ஒரு விஷயம். சோதனைக்கு வரும்போது கை சூடாக இருக்கட்டும். நம் ஊர் ஏர்கானில் அரைமணி உட்கார்ந்து வருபவர்களின் விரல் ஐஸ் மாதிரி இருக்கும். கை குளிர்ந்தால் வேகம் குறைந்து காட்டும், அலை பெரிதாகத் தெரியும். 32 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்குவேன். அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

செங்காங்_அருண் · புதன், காலை 8:20

இந்த இழையைப் பார்த்ததும் எனக்கும் இதுதான் என்று தோன்றியது. வயது 27. ஞாயிறு முழுக்கப் பூப்பந்து விளையாடினேன். திங்களிலிருந்து வலது கை முழுவதும் வீங்கி, கொஞ்சம் நீலமாக இருக்கிறது. கடிகாரப் பட்டை இரண்டு துளை தள்ளிப் போட வேண்டியிருக்கு. தோள் முன்பக்கம் நரம்பு புடைச்சுத் தெரியுது. மரத்தல் அவ்வளவா இல்லை. மீனாக்கா, எந்தப் பயிற்சி எனக்குப் பொருந்தும்?

மீனா_பிசியோ · புதன், காலை 8:26

அருண், எந்தப் பயிற்சியும் வேண்டாம். கையை அமுக்கவும் வேண்டாம். இப்போதே ஏதாவது பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவில் சிரை நசுங்கி ரத்தம் உறைந்திருக்கலாம். அது நுரையீரலுக்கும் போகலாம். "விளையாடிய பிறகு கை வீங்கி நீலமாகிவிட்டது, சிரையில் உறைவு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்" என்று பதிவு மேசையிலேயே சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 995.

ஈசூன்_கமலா · புதன், காலை 9:40

நான் ஓய்வுபெற்ற தாதி. அருண் தம்பி போனதும் ஒரு வரி எழுதுப்பா.

வாணி, உங்களுக்கு இது பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் தாய்மாமன் நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர். தோள்பட்டை வலி, பிறகு சுண்டுவிரல் மரத்தல். எட்டு மாதம் தோளுக்கு எண்ணெயும் கழுத்துக்குப் பட்டையுமாகப் போனது. ஒருநாள் பார்த்தால் அந்தப் பக்கத்து இமை சற்றே இறங்கியிருந்தது. நுரையீரல் உச்சியில் கட்டி, கீழ்த்தண்டை அரித்துக்கொண்டிருந்தது. அதே விரல், அதே முன்னங்கை. அதனால் சுண்டுவிரல் மரத்து முன்னங்கையும் வலித்தால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் விட வேண்டாம்.

துவாஸ்_குமரன் · புதன், இரவு 10:15

நான் குளிர்சாதனம் மாட்டும் வேலை. நாள் முழுக்கக் கை மேலேதான். 2 வருடமாக எனக்கும் வாணி அக்கா சொல்கிற அதே வலி, கை கனம், சுண்டுவிரல் குறுகுறுப்பு. ரூஸ் சோதனையில் ஒன்றரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் தசை வாடவில்லை, மின்சோதனை எல்லாம் இயல்பு. ஒருவர் தொராசிக் அவுட்லெட் என்கிறார், இன்னொருவர் அப்படி ஒன்றே கிடையாது, மன அழுத்தம் என்கிறார். வேலையிடத்தில் நடிக்கிறேன் என்று பேசுகிறார்கள். எனக்கு இருப்பது என்ன?

நரம்புச்சோதனை_கதிர் · வியாழன், காலை 7:30

குமரன் அண்ணா, நீங்கள் நடிக்கவில்லை. ஆனால் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். வாணி அக்காவுக்கு இருக்கிற மாதிரி தசை வாடி, அலை விழுந்தால், அது எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வகை. அது மிகக் குறைவு. வலி மட்டும் இருந்து சோதனை எல்லாம் இயல்பாக வருவதுதான் பெரும்பான்மை. அதைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே பல பத்தாண்டுகளாகச் சண்டை. சான்று ஒன்றும் இல்லாமல் விலா எலும்பை வெட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

மீனா_பிசியோ · வியாழன், காலை 8:05

கதிர், இதில் உங்களோடு எனக்கு ஒப்பவில்லை. நின்றால், தூக்கினால் மட்டும் நசுங்கி, இறக்கினால் விடுபடும் நரம்பு, கட்டிலில் படுக்க வைத்து எடுக்கும் சோதனையில் இயல்பாகத் தெரிவது வியப்பில்லை. கழுத்தின் ஸ்கேலீன் தசையில் ஸ்கேன் பார்த்து மரப்பு ஊசி போட்டு, அதன் பிறகு ரூஸ் சோதனையை முடிக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அதில் தெளிவாகச் சுகம் கண்டவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

குமரன், அதற்கு முன்னால் 3 மாதம் ஒழுங்கான பிசியோ. தோளைப் பின்னால் இழுத்து விறைப்பாக நிற்கும் பயிற்சி யாராவது கொடுத்தால் நிறுத்துங்கள். அது காறை எலும்புக்கு அடியில் உள்ள இடைவெளியை இன்னும் குறுக்கும். மேல்மூச்சு வாங்காமல் வயிற்றால் மூச்சு விடப் பழகுவது, தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளை மெல்லப் பலப்படுத்துவது, ஏணியில் ஒரு படி மேலே ஏறி நின்று கை தோள் உயரத்துக்கு மேலே போகாமல் வேலை செய்வது, இவைதான் தொடக்கம்.

நரம்புச்சோதனை_கதிர் · வியாழன், மதியம் 12:50

ஊசிக்குப் பிறகு சுகம் வருவதில் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி, அக்கா. ஆனால் பிசியோ முதலில் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஜிம்_பாலா · வியாழன், இரவு 9:10

மீனாக்கா, தோளைப் பின்னால் இழுத்து நிற்கச் சொல்றதை நானே பல பேருக்குச் சொல்லியிருக்கேன். நாடி விஷயமும் அப்படித்தான். இன்னைக்கு என்கிட்ட பயிற்சிக்கு வந்த ஆறு பேருக்குக் கையைத் தூக்கி நாடி பார்த்தேன். ஒரு புகாரும் இல்லாத இரண்டு பேருக்கு நாடி நின்னுபோச்சு. இனி அதை வச்சுப் பேர் வைக்க மாட்டேன்.

செங்காங்_அருண் · சனி, மாலை 5:30

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். காறை எலும்புக்கு அடியில் உள்ள சிரையில் உறைவு. புதன் இரவே குழாய் விட்டு உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்தார்கள், வீக்கம் பாதி இறங்கிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் வந்ததால் கரைக்க முடிந்தது, தள்ளிப் போயிருந்தால் கடினம் என்றார்கள். முதல் விலாவை எடுப்பது பற்றிப் பிறகு பேசுவார்களாம். மீனாக்கா, நான் அன்றைக்குக் கடையில் தைலம் வாங்கித் தேய்க்கத்தான் இருந்தேன்.

மீனா_பிசியோ · சனி, மாலை 5:52

நல்லபடியாக இருங்கள் தம்பி. தொராசிக் அவுட்லெட் நோயாளிகளில் சிரை வகை நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் வரும். தமனி வகை அதைவிடக் குறைவு. விரல் வெளுத்து, குளிர்ந்து, நகத்தடியில் கரும்புள்ளி தெரிந்தால் அதற்கும் இதே அவசரம்தான்.

உட்லண்ட்ஸ்_வாணி · மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையில் எழுதியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். மருத்துவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, பஞ்சால் முன்னங்கையைத் தடவிப் பார்த்து, அங்கேயே புதிய சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

கதிர் தம்பி, உங்களுக்காக எண்களைப் போடுகிறேன். கட்டைவிரல் மேட்டில் மீடியன் இயக்க அலை வலது 2.1 மில்லிவோல்ட், இடது 9. முன்னங்கை உள்பக்க நரம்பு இடதில் 11 மைக்ரோவோல்ட், வலதில் அலையே வரவில்லை. முழங்கை வேகம் மறுபடியும் இயல்பு. ஊசிச் சோதனையில் கட்டைவிரல் மேட்டுத் தசை நாள்பட வாடியிருக்கிறது, கழுத்தின் பின்தசைகள் நன்றாக இருக்கின்றன. கைக்குச் சுடுநீர்ப் பை கேட்டேன், கொடுத்தார்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவு, கமலாம்மா. கழுத்து எக்ஸ்ரேயில்தான் ஆச்சரியம். இடது பக்கம் கழுத்து விலா எலும்பு ஒன்று முழுசாக இருக்கிறது, அந்தக் கையில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. வலது பக்கம் ஏழாவது கழுத்தெலும்பின் பக்கக் கொம்பு கிளி மூக்கு மாதிரி நீண்டு கீழே வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு ஒரு நார்ப்பட்டை ஓடும், அது எக்ஸ்ரேயில் தெரியாது, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

முழங்கை அறுவை சிகிச்சையை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது காறை எலும்புக்கு மேலே திறந்து அந்தப் பட்டையை எடுப்பது பற்றிப் பேச அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வலியும் மரத்தலும் பெரும்பாலும் குறையும், வாடிய தசை திரும்புவது நிச்சயமில்லை, இனி வாடாமல் நிறுத்துவதுதான் நோக்கம் என்று சொன்னார். அதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. ஒரு வருடம் முன்னால் யாராவது இந்தக் கட்டைவிரலைப் பார்த்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

நரம்புச்சோதனை_கதிர் · வெள்ளி, இரவு 9:40

அக்கா, இவ்வளவு தெளிவான எண்களை நான் என் வேலையில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அறிக்கையின் நகலைக் கையோடு வைத்திருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட அது வேண்டும்.

துவாஸ்_குமரன் · வெள்ளி, இரவு 11:02

கதிர் தம்பி, இப்போது என் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மீடியன், அல்னார் மட்டும்தான் இருக்கிறது. முன்னங்கை உள்பக்க நரம்பு என்று ஒரு வரியும் இல்லை. "எல்லாம் இயல்பு" என்றது இதைப் பார்க்காமல்தானா?

நரம்புச்சோதனை_கதிர் · வெள்ளி, இரவு 11:15

ஆமாம் அண்ணா, பார்க்காமல்தான். பார்த்தாலும் உங்களுக்கு இயல்பாக வரலாம், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இரண்டு கையிலும் எடுக்கச் சொல்லுங்கள்.

துவாஸ்_குமரன் · வெள்ளி, இரவு 11:18

சரி. 14ஆம் தேதி முறை இருக்கு. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.